தை மாதத்துக்கு முன் சொல்லிவிடுங்கள்: ஓர் அவல் சப்ளையை முடித்த விதம்

கும்பகோணத்தில் ஒரு நடுத்தர உணவுப்பொருள் நிறுவனத்தில் கொள்முதல் பொறுப்பில் இருக்கிறேன். 2005லிருந்து எங்கள் பெயரில் அரைக் கிலோ பையில் கெட்டி அவல் விற்றுவந்தோம். அவல் இடித்து, பையில் அடைத்து அனுப்பியது பாபநாசம் பக்கத்து ஆலை ஒன்று. மாதம் 6 டன், இரண்டு லோடு. பில் வரும், முப்பது நாளில் பணம் போகும். ஒவ்வொரு தையிலும் நெல் பிடிக்க 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, அடுத்து வரும் மாத பில்களில் கழித்துக்கொள்வோம். இத்தனை வருடத்தில் இரு தரப்புக்கும் இடையே ஒப்பந்தம் என்று ஒரு தாள்கூடக் கிடையாது. டெல்டாவில் பாதி வியாபாரம் இப்படித்தான் ஓடுகிறது.

2023 அக்டோபரில் நிறுவனம் பொருள் வரிசையை மாற்ற முடிவெடுத்தது. இடியாப்ப மாவு, புட்டு மாவு, கஞ்சி மாவு என்று மாவு வகைக்கு முழுதாகப் போவது, அவலை விடுவது. காரணம் நேரடியானது. அவலில் கிலோவுக்கு எங்களுக்கு நிற்கும் காசு குறைவு. ஆயுத பூஜை, கிருஷ்ண ஜெயந்தியை விட்டால் கடையில் மெதுவாகத்தான் நகரும், தேங்கினால் வண்டு விழும். மாவுக்கோ வாரா வாரம் ஆர்டர் இருக்கிறது. ஆலைக்காரர் மீதோ அவர் சரக்கு மீதோ ஒரு குறையும் இல்லை. அந்த ஆலையின் மொத்த உற்பத்தி மாதம் 11 டன் என்பதும் எங்களுக்குத் தெரியும். பாதிக்கு மேல் நாங்கள் எடுக்கிறோம். நாங்கள் நிறுத்தினால் அவருக்குப் பாதி ஆலை நிற்கும்.

எப்போது முடிப்பது?

அலுவலகத்தில் முதலில் பேசப்பட்ட தேதி மார்ச் 31. கணக்கு முடிகிற நாள், ஆடிட்டருக்கு வசதி, ஜனவரி கடைசியில் கடிதம் போட்டால் இரண்டு மாத அவகாசம் கொடுத்ததாகவும் ஆகும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆலைக்காரரின் வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதில்லை. அவர் வருடம் சம்பா அறுவடையில் தொடங்குகிறது.

கெட்டி அவலுக்குக் குண்டு நெல் வேண்டும். டெல்டாவில் அதற்குப் பெரும்பாலும் சி.ஆர். 1009, ஊரில் பொன்மணி என்பார்கள். 155, 160 நாள் பயிர். ஆவணியில் விட்டால் தையில் அறுவடை. தை, மாசியில் களத்துமேட்டிலேயே நெல்லைப் பிடித்து, காயவைத்து, குடோனில் அடுக்கிவிட்டால் அதுதான் அவருக்கு புரட்டாசி வரைக்கும். குறுவை நெல் வரும்வரை நல்ல குண்டு நெல் கிடைப்பது சிரமம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். ஆகையால் ஜனவரி கடைசியில் எங்கள் கடிதம் போய்ச் சேரும்போது, அவர் எங்களுக்காகவும் சேர்த்து நெல் வாங்கி முடித்திருப்பார், அல்லது பாதி வாங்கி மீதிக்கு முன்பணம் கொடுத்திருப்பார்.

எவ்வளவு நெல் என்று பார்த்துவிடலாம். அவர் ஆலையில் 100 கிலோ நெல்லுக்கு 65 கிலோ அவல் வரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எங்களுக்குப் போகும் 36 டன் அவலுக்கு 55 டன் நெல் வேண்டும். கிலோ 24 ரூபாய் என்று வைத்தாலும் 13 லட்சம். இது எங்கள் ஒருவருக்காக மட்டும் குடோனில் முடங்கும் பணம். மாட்டிக்கொண்டால் அந்த நெல்லை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டார். முடியாது. அங்கே சிட்டா, அடங்கல் காட்டும் விவசாயியிடம்தான் வாங்குவார்கள், வியாபாரி கையில் இருக்கும் நெல்லுக்கு அங்கே இடமில்லை. வெளியில் விற்றால் புரோக்கர் கேட்கிற விலைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அந்த வருடம் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருந்தது. மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் 2023 அக்டோபர் 10ஆம் தேதியே அணையை மூடிவிட்டார்கள். சம்பா எந்த அளவுக்கு வரும், நெல் என்ன விலைக்குப் போகும் என்று யாருக்கும் பிடிபடவில்லை. இப்படிப்பட்ட வருடத்தில் ஆலைக்காரர்கள் பயந்து முன்கூட்டியே நெல்லுக்கு அட்வான்ஸ் கொடுப்பார்கள். அதனால் மார்கழிக்குள் சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தோம். எழுத்து ஒப்பந்தம் இல்லாத, காலக்கெடு வைக்காத சப்ளையை நியாயமான முன்னறிவிப்புக் கொடுத்து நிறுத்தலாம். ஆனால் எது நியாயமான அவகாசம் என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். அவல் ஆலைக்கு ஜனவரியில் சொல்லும் இரண்டு மாதத்தைவிட நவம்பரில் சொல்லும் இரண்டு மாதம் பல மடங்கு பெறும்.

அக்டோபர் கடைசியில் முடிவு, நவம்பர் 12 தீபாவளி. உடனே சொல்வதா, தீபாவளி கழித்தா? இதில் எங்களுக்குள் கொஞ்சம் இழுபறி இருந்தது. ஆலையில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள், போனஸ் கொடுக்கிற நேரம். இரண்டு வாரம் தள்ளுவதால் அவருக்கு நெல் வகையில் ஒரு நஷ்டமும் இல்லை. தீபாவளி கழியட்டும் என்று விட்டோம்.

எப்படிக் குறைப்பது?

ஒரே நாளில் நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்ற கேள்விக்கு அவல் வியாபாரத்தில் பதில் எளிது. ஆயுத பூஜைதான் அவலுக்குப் பெரிய சீசன். அந்தச் சீசனுக்கான சரக்கை அனுப்பிவிட்டு முடித்தால் அவருக்கும் நல்லது, எங்கள் கடைக்காரர்களுக்கும் நல்லது. இப்படி வகுத்தோம்: 2024 மார்ச் வரை வழக்கம்போல மாதம் 6 டன், ஏப்ரல் முதல் ஜூன் வரை 4 டன், ஜூலை முதல் செப்டம்பர் வரை 2 டன். செப்டம்பர் கடைசி லோடோடு முடிவு. ஏப்ரலுக்குப் பிறகு எங்களுக்கு வேண்டியது 18 டன் அவல், அதற்கு 28 டன் நெல். வழக்கமான 55 டன்னில் பாதி. ஆறரை லட்சம் ரூபாய் நெல்லில் முடங்காமல் அவர் கையிலேயே நிற்கும்.

அட்வான்ஸையும் அதே கணக்கில் பாதியாக்கினோம். தையில் ஒன்றரை லட்சம், ஏப்ரலிலிருந்து மாதம் 25,000 கழித்து, செப்டம்பர் பில்லோடு பூஜ்யம். இது முக்கியம். உறவு முடிகிற நேரத்தில் அட்வான்ஸ் பாக்கி நின்றால், கடைசி பில்லைப் பிடித்து வைக்கலாம் என்று இங்கே ஒருவருக்குத் தோன்றும், கடைசி லோடை அனுப்பாமல் இருக்கலாம் என்று அங்கே ஒருவருக்குத் தோன்றும்.

அப்புறம் பை. அச்சடித்த பை எங்கள் செலவு, ஆனால் இருப்பு அவர் ஆலையில். பையில் எங்கள் பிராண்டு பெயரோடு தயாரிப்பாளர் என்று அவர் ஆலையின் பெயரும் அவருடைய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கும். அந்தப் பை மிச்சமானால் இரண்டு பேருக்கும் ஆபத்து. எங்கள் பெயரில் யாரோ அடைத்து விற்கலாம், அவர் உரிம எண்ணில் வேறு யாருடைய அவலோ போகலாம். டிசம்பர் முதல் முடிவு வரை மொத்தத் தேவை 42 டன். எண்ணிப் பார்த்தால் இருப்பு 60,000 பை, அதாவது 30 டன். குறையும் 12 டன்னுக்காகப் புதிதாக அச்சடிக்கப் போனால், அச்சகத்தில் சின்ன ஆர்டர் எடுக்க மாட்டார்கள், மறுபடி மிச்சம் விழும். ஆகவே அந்த 12 டன்னையும் பொரிக்கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் மூட்டையாகக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

நேரில் சொன்னது

கடிதம் முதலில் போகக் கூடாது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. யார் போவது என்பதில்தான் இருந்தது. நான் மட்டும் போனால் ஆலைக்காரர் கேட்டுக்கொள்வார், ஆனால் அதைச் செய்தியாகத்தான் எடுத்துக்கொள்வார். இந்த ஏற்பாட்டைப் பேசி வைத்தது எங்கள் முதலாளியின் அப்பா. அவர் இப்போது இல்லை. மகன் நேரில் வந்து சொல்வதுதான் மரியாதை. இருவரும் போனோம்.

போன உடனே ஆலைக்காரர் காபிக்குச் சொல்லி அனுப்பினார். காபி வந்து, மழையைப் பேசி, மேட்டூரைப் பேசி, எழுந்திருக்கும்போது விஷயத்தை அவிழ்த்தால் அது முதுகில் குத்துவது மாதிரி ஆகிவிடும். முதலாளி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார்: "அண்ணே, ஒரு சங்கடமான விஷயம், நேர்ல சொல்லணும்னுதான் வந்தோம். அவல் லைனை விடப் போறோம். அடுத்த ஆயுத பூஜையோட முடிக்கலாம்னு இருக்கோம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "எங்க சரக்குல எதும் குறையா தம்பி?"

இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் வரும். அடுத்த கேள்வியும் வரும்: "வேற யார்கிட்ட எடுக்கப் போறீங்க?" இரண்டுக்கும் உண்மையான பதில் கையில் இல்லாமல் இப்படி ஒரு பேச்சுக்குப் போகக் கூடாது. எங்களிடம் இருந்தது. குறை இல்லை, யாரிடமும் எடுக்கப் போவதில்லை, எங்கள் விலைப்பட்டியலிலேயே அவல் இருக்காது. வேறு ஆலைக்கு மாற்றிக்கொண்டு 'பொருளை நிறுத்திவிட்டோம்' என்று சொல்கிறவர்கள் உண்டு. டெல்டாவில் அது ஒரு மாதம் தாங்காது. லாரிக்காரர் ஒருவர் போதும்.

மூன்றாவதாக அவர் கேட்டதுதான் கஷ்டமானது. "மாவுக்குப் போறீங்கள்ல? நான் மாவு மெஷின் போட்டுட்டா எடுத்துக்குவீங்களா?"

எதிரில் இருப்பவர் முகம் வாடியிருக்கும்போது "பாக்கலாம்ணே" என்று சொல்லிவிடத்தான் வாய் வரும். அந்த ஒரு 'பாக்கலாம்'-ஐ நம்பி அவர் பேங்க் லோன் போட்டு அரவை இயந்திரம், சலிப்பான், வறுக்கும் டிரம் எல்லாம் இறக்கினால் பத்துப் பன்னிரண்டு லட்சம் போய்விடும். எங்கள் மாவு அரவை எங்கள் சொந்த இடத்திலேயே நடக்கப் போகிறது, வெளியில் எடுக்கும் திட்டமே இல்லை. முதலாளி மறைக்காமல் சொன்னார்: "எங்களை நம்பிப் போடாதீங்கண்ணே. நாங்க வெளிய எடுக்கலை." அந்த நிமிடம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று பேசியதிலேயே அவருக்கு அதிகம் பயன்பட்ட வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு மாதவாரி அளவுகள் எழுதிய தாளை அவர் முன் வைத்தோம். கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். ஒரு திருத்தம் கேட்டார். மாதம் 2 டன்னுக்காக வறுக்கும் சட்டியைச் சூடேற்றுவது கட்டாது, உமிச் செலவும் கூலியும் அதேதான் ஆகும், கடைசி மூன்று மாதத்துக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுங்கள் என்றார். 6,000 கிலோவுக்கு 6,000 ரூபாய். அங்கேயே ஒத்துக்கொண்டோம். இதற்கெல்லாம் அலுவலகம் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று இழுத்தால் மற்ற பேச்சும் கெட்டுவிடும்.

கடிதம்

அலுவலகத்தில் தயாரான முதல் வரைவு இப்படி இருந்தது: "நிர்வாகக் காரணங்களால் தங்களிடமிருந்து அவல் கொள்முதல் செய்வதை நிறுத்த முடிவு செய்துள்ளோம். ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம். எதிர்காலத்தில் வாய்ப்பு அமையும்போது மீண்டும் இணைந்து செயல்பட விரும்புகிறோம்."

'நிர்வாகக் காரணங்கள்' என்றால் படிப்பவர் சரக்கில் ஏதோ குறை என்றுதான் நினைப்பார். இந்தக் கடிதத்தை அவர் வேறு யாரிடமாவது காட்டினால் அவர்களும் அப்படியே நினைப்பார்கள். 'மீண்டும் இணைந்து' என்பது நாங்கள் நினைக்காத ஒன்று. எப்போதிலிருந்து, எவ்வளவு என்பதோ எங்குமே இல்லை. மாற்றி எழுதியது இது:

"மதிப்பிற்குரிய ஐயா,

2005 முதல் எங்கள் நிறுவனத்துக்குத் தாங்கள் தொடர்ந்து கெட்டி அவல் வழங்கி வருகிறீர்கள். தரத்திலும் எடையிலும் நாளிலும் எங்களுக்குக் குறை ஏற்பட்டதில்லை.

எங்கள் நிறுவனம் இனி மாவு வகைகளை மட்டும் தயாரித்து விற்பது என முடிவு செய்துள்ளது. ஆகவே அவல் விற்பனையை முழுதாக நிறுத்துகிறோம். வேறு எவரிடமிருந்தும் அவல் வாங்கும் எண்ணம் இல்லை.

நேரில் பேசியபடி எங்கள் கொள்முதல் அளவு: 2024 மார்ச் வரை மாதம் 6 டன், ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 4 டன், ஜூலை முதல் செப்டம்பர் வரை மாதம் 2 டன். 30.9.2024க்குப் பிறகு கொள்முதல் இல்லை. ஜூலை முதல் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகத் தருகிறோம். இந்த அளவுகளை நாங்கள் குறைக்க மாட்டோம்.

ஒவ்வொரு பில்லுக்கும் சரக்கு வந்த 30 நாளுக்குள் பணம் செலுத்துகிறோம். தை முன்பணம் ரூ. 1,50,000 ஏப்ரல் முதல் மாதம் ரூ. 25,000 வீதம் கழிக்கப்படும். சரக்குத் திரும்பல் குறித்த கணக்கை 31.12.2024க்குள் முடித்துக்கொள்கிறோம், அதன்பின் எதுவும் கோர மாட்டோம்.

இத்தனை ஆண்டுகள் எங்கள் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி."

மன்னிப்பு கேட்கும் வரியை வேண்டுமென்றே எடுத்துவிட்டோம். தொழிலை மாற்றிக்கொள்வது தவறு இல்லை. நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வதற்கான விவரங்கள் நடுவில் இருக்கின்றன, அது போதும்.

30 நாள் என்பதை எழுத்தில் வைத்ததற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தவணை எழுதி வைத்திருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. போதாததற்கு, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காமல் வைத்த தொகையைக் கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் காட்டலாம் என்று வருமான வரிச் சட்டத்தில் 43B(h) பிரிவு அந்த நிதியாண்டுக் கணக்கிலிருந்து வந்துவிட்டது. 2024 தொடக்கத்தில் எந்த ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனாலும் இதே பேச்சு. 18 வருடம் தாளே இல்லாமல் ஓடிய உறவுக்கு முதல் எழுத்து, அதை முடிக்கும் கடிதத்தில்தான் வந்தது என்பது வேடிக்கைதான்.

நடுவில் நடந்தது

ஜனவரியில் எங்கள் விற்பனைப் பையன் ஒருவன் திருவாரூர் கடையில் "அவல் இனி வராது" என்று சொல்லிவிட்டான். அது கை மாறி, கால் மாறி ஆலைக்காரருக்கு நெல் கொடுக்கும் புரோக்கர் காதுக்குப் போயிற்று. அவர் பத்து நாள் கடனில் நெல் இறக்கிக்கொண்டிருந்தவர், "பெரிய பார்ட்டி போயிடுச்சாமே, இனி ரொக்கமா கொடுத்துடுங்க" என்று நின்றுவிட்டார். நாங்கள் இதை எதிர்பார்க்கவில்லை. பெரிய வாடிக்கையாளர் போகிறார் என்ற செய்தி பரவினால், போவதற்கு முன்பே கடன் சுருங்கிவிடும்.

அப்போது அந்தக் கடிதம் கைகொடுத்தது. செப்டம்பர் வரை மாதவாரி அளவு, குறைக்க மாட்டோம் என்ற உறுதி, 30 நாளில் பணம், எல்லாம் கையெழுத்தோடு இருந்தது. அதை ஆலைக்காரர் புரோக்கரிடமும் தன் பேங்கிலும் காட்டினார். புரோக்கர் பழையபடி பத்து நாள் கொடுக்கவில்லை, ஐந்து நாள் என்று இறங்கி வந்தார். 'நிர்வாகக் காரணங்களால்' என்ற முதல் வரைவு போயிருந்தால் அதை ஆலைக்காரர் பீரோவில்தான் வைத்திருப்பார்.

கடைகள் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. அவல் கேட்கும் கடைகளின் பட்டியலை ஆலைக்காரருக்குக் கொடுக்கலாம், அவர் சொந்தப் பெயரில் நேரடியாகப் போடட்டும் என்று நான் சொன்னேன். விற்பனைப் பிரிவில் ஒத்துக்கொள்ளவில்லை. அவல் கொண்டுபோகிறவர் நாளைக்கு மாவும் கொண்டுபோவார் என்றார்கள். அது முழுக்கத் தவறான பயமும் இல்லை. கடைசியில், மூட்டை அவல் எடுக்கும் பொரிக்கடைகளையும் ஓட்டல்களையும் மட்டும் கொடுத்தோம். அவர்கள் எங்கள் மாவை வாங்குகிறவர்கள் இல்லை. ஜூலையிலிருந்தே அவர்களுக்கு அவர் தன் பெயரிலும் போடத் தொடங்கினார்.

ஆயுத பூஜை 2024 அக்டோபர் 11. எங்கள் கடைசி லோடு அதற்கு முன்பே வந்து இறங்கியது. பையில் 400 சொச்சம் மிச்சம். இரு தரப்பு ஆள்களும் நின்று எண்ணி, குறுக்கே வெட்டிப் போட்டு, எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். செப்டம்பர் பில் 22ஆம் நாள் செலுத்தப்பட்டது, அட்வான்ஸ் அதில் நேராயிற்று. நவம்பரில் மயிலாடுதுறைக் கடை ஒன்றிலிருந்து வண்டு விழுந்த 35 கிலோ திரும்பியது. அதில் பாதி கடைக்காரர் ஈரத்தரையில் வைத்ததால் என்று ஆலைக்காரர் வாதாடினார், பாதிக்கு மட்டும் டெபிட் நோட் போட்டோம். டிசம்பர் கடைசியில் இருப்புக் கணக்கு உறுதிச் சீட்டு இரு பக்கமும் கையெழுத்தாகி வந்தது.

எங்களுக்குப் போன 6 டன்னில் இப்போது இரண்டரை டன் அளவுக்கு அவருக்கு வெளியில் ஓடுகிறது. ஒன்பது பேரில் இரண்டு பேர் வேறு ஆலைக்குப் போய்விட்டார்கள். மாவு மெஷின் போடவில்லை. குண்டு நெல்லைக் குறைத்துக்கொண்டு சிவப்பு அவலைச் சின்ன அளவில் பழகிக்கொண்டிருக்கிறார், அதற்கு விலை கூட நிற்கிறது என்கிறார்.